அடுப்பில் பாஸ்மதி: ‘ஒன்றுக்கு இரண்டு’ கணக்கு ஏன் காலை வாருகிறது

தோழி ஒருத்தி கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். “ஒரு கப் வைத்தால் உதிரியாக வருகிறது, அதே கணக்கில் மூன்று கப் வைத்தால் குழைந்து போகிறது. அரிசி மாறவில்லை, பாத்திரம் மாறவில்லை, எங்கே தப்பு?” குக்கர் இல்லாமல், கனமான பாத்திரத்தில் மூடி போட்டுப் பல வருடமாக பாஸ்மதி வைத்து வருவதால் சொல்கிறேன். தப்பு அவள் கையில் இல்லை. பாக்கெட்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் ‘ஒரு பங்கு அரிசி, இரண்டு பங்கு தண்ணீர்’ என்ற வரியில் இருக்கிறது. இந்த அரிசியைப் பற்றி எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டென்றால் அது அந்த வரிதான். ஊற வைத்த அரிசிக்கா, ஊற வைக்காததற்கா? ஒரு கப்புக்கா, ஐந்து கப்புக்கா? எதையும் சொல்லாமல் ஒரு விகிதத்தை மட்டும் போட்டுவிட்டால், விலை கொடுத்து வாங்கியவர் பொங்கல்தான் தின்ன வேண்டும்.

பாத்திரத்தில் ஊற்றும் தண்ணீர் இரண்டு வழியில் போகிறது. ஒரு பகுதி அரிசிக்குள் போகிறது. அது அரிசியின் அளவைப் பொறுத்தது; அரிசி இரண்டு மடங்கானால் அதுவும் இரண்டு மடங்கு. இன்னொரு பகுதி ஆவியாகிப் போகிறது. அது பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், எத்தனை நிமிடம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று கப் வைத்தாலும் அதே பாத்திரம், அதே மூடி, ஏறக்குறைய அதே நேரம். ஆவி மூன்று மடங்காகப் போவதில்லை. ஒரு கப்புக்கான கணக்கை மூன்றால் பெருக்கும்போது, போகாத ஆவிக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்த உபரி அரிசிக்குள்தான் ஏறும்.

எடை போட்டுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். 240 மில்லி கப் ஒன்றில் பாஸ்மதி ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும். அரை மணி நேரம் ஊறி, வடிகட்டியில் நன்றாக வடிந்த பிறகு 260 கிராம் அளவுக்கு இருக்கும். அதாவது 60 கிராம் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. உதிரியாக வெந்த சாதத்தின் எடை 540 கிராம் சுமாருக்கு வரும். மிச்சம் 280 கிராம் வேண்டும், ஆவிக்கு 75 கிராம் போகும். ஆக ஒன்றரை கப் தண்ணீர். இரண்டு கப் அரிசிக்கு மூன்று கப் என்று இருமடங்காக்கக் கூடாது. ஆவிச் செலவு கொஞ்சம்தான் கூடுகிறது என்பதால் இரண்டே முக்கால் போதும். மூன்று கப் அரிசிக்கு நான்கு கப். ஒன்றுக்கு ஒன்றரையில் ஆரம்பித்த விகிதம் ஒன்றே கால் பக்கமாக இறங்கி வருவதைப் பாருங்கள். தோழி மூன்று கப்புக்கு நாலரை ஊற்றியிருப்பாள். பாக்கெட் சொன்னபடி ஆறு கப் ஊற்றியிருந்தால் கரண்டியால் அள்ளிப் போட வேண்டியதுதான்.

இந்த எண்கள் கனமான அடியும் சரியாக உட்காரும் மூடியும் உள்ள பாத்திரத்துக்கு. மூடி ஆடினால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூடுதலாக வேண்டியிருக்கும். பழைய அரிசி தண்ணீர் கொஞ்சம் அதிகம் குடிக்கும், புது அரிசி குறைவாகக் குடிக்கும். ஒரே பிராண்டில் அடுத்த பை வாங்கும்போதே இது மாறலாம் என்பதால், புதுப் பையை உடைத்ததும் முதல் தடவை ஒரு கப் மட்டும் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஊற வைக்கும் நேரம் இந்தக் கணக்கின் அடித்தளம். அதில் மனம்போனபடி மாற்றினால் மேலே சொன்ன எண் எதுவும் நிற்காது. மூன்று நான்கு தண்ணீரில் அரிசியை விரலால் அளைந்து கழுவ வேண்டும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நீள அரிசி ஒடிந்துவிடும். பிறகு 30 நிமிடம் ஊறல். நேரம் பார்க்க மறந்தால் அரிசியைப் பார்த்தே சொல்லிவிடலாம். காய்ந்த பாஸ்மதி கண்ணாடி மாதிரி லேசாக வெளிச்சம் ஊடுருவும் நிறத்தில் இருக்கும். ஊறியது முழுக்கப் பால் வெள்ளையாக மாறியிருக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினால் ‘டக்’ என்று ஒடியாமல் மாவாக நசுங்கும். நடுவில் கண்ணாடி நிறம் ஒரு கோடாகத் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம் விடலாம்.

ஊற வைப்பதன் பலன் நேரம் மிச்சமாவது மட்டும் இல்லை. தண்ணீர் நடுப்பகுதி வரை போயிருப்பதால் அரிசியின் வெளிப்புறமும் உள்ளும் சேர்ந்து வேகிறது. ஊறாத அரிசியில் உள்ளே வேகும்வரை வெளிப்புறம் காத்திருந்து கரைகிறது, அந்த மாவுதான் பிசுபிசுப்பு. புசாவில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 2003-ல் வெளிவந்த 1121 ரகம், வெந்ததும் நீளவாக்கில் இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது என்றுதான் பெயர் வாங்கியது. ஊற வைக்காமல் போட்டால் அந்த நீளத்தைப் பார்க்க முடியாது, பாதி ஒடிந்துவிடும். அதற்காக இரண்டு மணி நேரம் ஊற விடுவதும் ஆகாது; தொட்டாலே ஒடிகிற அளவுக்குப் பலவீனமாகிவிடும். செல்லா என்று விற்கும் புழுங்கல் பாஸ்மதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் தேவை, தண்ணீரும் கூடுதலாக வேண்டும். இங்கே நான் சொல்வது பச்சரிசி பாஸ்மதிக்கு.

ஊறிய பின் வடிகட்டியில் ஐந்து நிமிடம் விட வேண்டும். அவசரத்தில் கையால் அள்ளிப் போட்டால் அரிசியோடு ஒட்டிய தண்ணீர் கால் கப் வரை கூடப் போய்விடும். அளந்து ஊற்றியதற்கு அர்த்தமில்லாமல் போகும்.

அடுப்பு வேலை சுருக்கமானது. அளந்த தண்ணீரைக் கப் அரிசிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி நெய்யோடு தளதளவென்று கொதிக்க விட்டு அரிசியைப் போடுங்கள். ஒரே ஒரு தடவை அடியோடு கிளறலாம், அதற்குப் பிறகு கரண்டி வேண்டாம். மூடாமல் முழுத் தீயில் மூன்று நான்கு நிமிடம். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேல்பரப்பில் குழி குழியாகக் கண் திறந்து அதன் வழியாக நுரை குமிழியிடும். அதுதான் மூட வேண்டிய தருணம். மூடியதும் சிறிய பர்னருக்கு மாற்றி, சிம்மில் பத்து நிமிடம். நம் ஊர் காஸ் அடுப்புகள் பலவற்றில் சிம் என்பதே ஒரு கப் அரிசிக்குப் பெரிய தீ. அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து அதன்மேல் பாத்திரத்தை வைத்தால் அடி பிடிக்காது.

இனிமேல் வருவதுதான் இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம். அணைத்த நொடியில் திறந்து பார்த்தால் யாருக்கும் மனம் உடையும். மேலே உள்ள அரிசி விறைப்பாக, கீழே உள்ளது ஈரமாக, பாதி வெந்த மாதிரி இருக்கும். உடனே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். உள்ளே அடைபட்ட ஆவி கீழிருந்து மேலேறி, அடுக்குக்கு அடுக்கு ஈரத்தைச் சமமாக்குகிறது. சூடாக இருக்கும்போது களிபோல் இளகியிருக்கும் மாவுச்சத்து சற்று ஆறும்போது இறுகுகிறது. அதனால்தான் அணைத்த கையோடு கிளறினால் ஒடியும் சாதம், பத்து நிமிடம் கழித்துக் கிளறினால் ஒடிவதில்லை. மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் சுத்தமான பருத்தித் துண்டு ஒன்றை விரித்தால், மூடியில் முத்து முத்தாகக் கோர்க்கும் நீர் திரும்பச் சாதத்தில் சொட்டாமல் துணியில் இறங்கும். துணியின் ஓரம் தீப்பக்கம் தொங்காமல் மேலே மடித்துவிடுவது அவசியம். அணைத்த பிறகு போடுவது இன்னும் பாதுகாப்பு. பத்து நிமிடத்துக்குப் பின் திறந்து, இரண்டு நிமிடம் ஆவி பறக்க விட்டு, ஓரத்திலிருந்து முள்கரண்டியால் புரட்டுங்கள். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிமிர்ந்து விழுவதைப் பார்க்கும்போது, காத்திருந்த பத்து நிமிடம் பெரிதாகத் தெரியாது.

சரியாக வராதபோது எல்லாவற்றையும் தண்ணீர் மேல் போடாமல் சாதத்தையே பார்க்கலாம். பருக்கையின் முனை பிளந்து விரிந்திருந்தால் தண்ணீர் அதிகம். பருக்கை முழுசாக இருந்து மேலே மட்டும் நசநசவென்றிருந்தால் வடியாத அரிசி அல்லது மூடியில் சொட்டிய நீர். அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்கடியில் வைத்தால் சரியாகிவிடும். அடி தீய்ந்து மேலே வேகாமல் இருந்தால் குறை தீயில், தண்ணீரில் இல்லை. மேலே மட்டும் நறுக்கென்றிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து, மூடி, சிம்மில் மூன்று நிமிடம், மறுபடி ஐந்து நிமிடம் அணைத்து வைத்தால் போதும்.

வாசனையிலும் இந்த முறைதான் முன்னே. பாஸ்மதிக்கு மணம் தரும் முக்கியமான வேதிப்பொருளும் ரம்பை இலைக்கு மணம் தருவதும் ஒன்றே. அது ஆவியோடு எளிதில் போய்விடும். மூடி போட்டுக் குறைந்த நேரத்தில் வேகவைத்தால் பாத்திரத்திலேயே தங்குகிறது. கஞ்சி வடித்தால் கொஞ்சம் கஞ்சியோடு போய்விடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தோழிக்கு என் பதில்: ஒரு கப், இரண்டு கப்புக்கு இப்படியே வை. மூன்று கப்பும் அதற்கு மேலும் என்றால், தயவுசெய்து வடித்துவிடு. அரிசி அதிகமானால் கீழடுக்கு மேலடுக்கின் பாரத்தில் நசுங்கும், ஒரு சிறு பர்னர் அவ்வளவையும் சமமாகச் சூடாக்காது, தண்ணீர்க் கணக்கு கால் கப் பிசகினாலும் மொத்தமும் போய்விடும். பெரிய பாத்திரத்தில் தாராளமாகத் தண்ணீர் கொதிக்க விட்டு, உப்பைத் தூக்கலாகப் போட்டு, ஊறிய அரிசியைச் சேர்த்து, ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்து நசுக்கிப் பார். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி மிச்சமிருக்கும்போது வடித்து, அதே பாத்திரத்தில் திரும்பக் கொட்டி, சிம்மில் ஐந்து நிமிடம், அணைத்துப் பத்து நிமிடம். வாசனையில் கொஞ்சம் போகும், போகட்டும். வீடு நிறைய ஆட்களை உட்கார வைத்துவிட்டு, எத்தனை கப்புக்கு எத்தனை தண்ணீர் என்று விரல் மடக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.