அவளிடம் எங்கே வைத்துக் கேட்பது?

நெல்லைப் பக்கம் வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் வீட்டை விட்டுப் போனால், மறுநாள் காலையிலேயே அப்பாவும் சித்தப்பாவும் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள். "எம் பொண்ணைக் கடத்திட்டுப் போயிட்டான்" என்றுதான் புகார் இருக்கும். பாளையங்கோட்டையில் இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தும் வக்கீலாகச் சொல்கிறேன்: எல்லாம் அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தில்தான் முடியும். அதை எங்கே வைத்து வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவள் கதி.

அம்பாசமுத்திரம் பக்கத்து 22 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் தான் விரும்பியவரோடு இருக்கிறாள்.

முதல் கேள்வி, என்ன பிரிவில் வழக்குப் பதிவது என்பது. 'பெண் காணவில்லை' என்று எஃப்.ஐ.ஆர். போட்டால் போலீஸ் தேடலாம், யார் மீதும் குற்றம் விழாது. கடத்தல் என்று போட்டால் பையன் வீட்டில் ஆள் தூக்க வழி திறக்கிறது. சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து கடத்துவது (தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவு) 18 வயது நிரம்பாதவருக்கும் மனநிலை சரியில்லாதவருக்கும்தான் பொருந்தும். 22 வயதுப் பெண்ணுக்குப் பெற்றோர் 'பாதுகாவலர்' இல்லை. "பிள்ளைக்குப் புத்தி சரியில்ல" என்று சில புகார்களில் திடீரென்று ஒரு வரி வருவது இதனால்தான். கட்டாயத் திருமணத்துக்காகக் கடத்தியதாக 87-ஐப் போட்டால் தண்டனை 10 ஆண்டு வரை. 7 ஆண்டு வரையுள்ள குற்றங்களில் கைதுக்கு முன் எழுத்தில் காரணம் காட்ட வேண்டிய, நோட்டீஸ் கொடுக்கும் பாதுகாப்பு இதில் கிடையாது. ஆனால் அவள் தன் விருப்பத்தில் போயிருந்தால் இந்தப் பிரிவும் நிற்காது.

இனி அவளிடம் கேட்கும் இடம். வழக்கமாக நடப்பது, ஸ்டேஷனுக்கு வரச் சொல்வது. "நேர்ல வந்து ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா" என்று ஏட்டு போனில் நல்லவிதமாகவே கூப்பிடுவார். அவள் வரும்போது எதிர் டீக்கடையில் இரண்டு வேன் ஆட்கள் இருப்பார்கள். அம்மா காலைப் பிடித்து அழுவாள். மாமா, "ஒரு வாரம் மட்டும் வீட்ல இரு தாயி, நாங்களே முறைப்படி கட்டி வைக்கோம்" என்பார். பொழுது சாயும்போது ரைட்டர் சொல்லச் சொல்ல, 'பெற்றோருடன் செல்ல விரும்புகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாள். போலீஸ் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனாலும் அந்த வரி அவளுடையதில்லை.

இரண்டாவது வழி, போலீஸ் அவள் இருக்குமிடத்துக்குப் போவது. என் பார்வையில் இதுதான் சரியானது. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. கர்நாடகத்தில் வயது வந்த ஒரு பெண் கல்யாணச் சான்றிதழையே அனுப்பியும், விசாரணை அதிகாரி ஸ்டேஷனுக்கு வந்தே ஆகவேண்டும் என்று நின்றார். அவள் இருக்கும் இடத்துக்கே போய் வாக்குமூலம் வாங்கியிருக்கலாமே என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவரைக் கண்டித்தது. "கோயமுத்தூருக்கு அனுப்ப ஆள் இல்லை" என்றால், அந்த ஊர் ஸ்டேஷனைக் கேட்டுக்கொள்ளலாம். வீடியோவில் பதிவு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. இதன் குறை ஒன்றுதான்: முகவரி போலீஸுக்குத் தெரிந்துவிடும், அங்கிருந்து உறவினருக்கும் கசியலாம். அதனால் தங்கும் வீட்டைச் சொல்லாமல், வக்கீல் மூலம் வேறொரு பாதுகாப்பான இடத்தைச் சொல்வது நல்லது.

மூன்றாவது, மாஜிஸ்திரேட் முன் அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 183-இன் கீழ் வாக்குமூலம். கடத்தல் பிரிவு ஏற்கெனவே விழுந்துவிட்டால் இதுதான் பலமான வழி. போலீஸும் உறவினரும் வெளியே நிற்க, அவள் சொல்வதை நீதிபதியே பதிவு செய்வார். சிக்கல் என்னவென்றால், புதிய சட்டப்படி வழக்குப் பதிவான மாவட்டத்து மாஜிஸ்திரேட்தான் பதிவு செய்ய முடியும். எனவே கோவையிலிருந்து திரும்பவும் நெல்லை மாவட்டத்துக்குத்தான் வரவேண்டும். நீதிமன்ற அறைக்குள் பயமில்லை, வராண்டாவில்தான் பயம். முன்கூட்டியே எஸ்.பி. அலுவலகத்தில் பாதுகாப்பு மனு கொடுத்து, அதன் ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பெற்றோர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போட்டாலும் நீதிபதிகள் கடைசியில் கேட்பது, "எங்கே போக விரும்புகிறாய்?" என்பதைத்தான். அதற்காக அவள் மதுரை வரை போய் நிற்கவேண்டும்.

எந்த வழியானாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பிறந்த தேதிக்கு ஆதாரை மட்டும் நம்பவேண்டாம். நகை எதையும் எடுத்துப் போகவேண்டாம், அது திருட்டுப் புகாராகத் திரும்பும். வாக்குமூலம் கொடுத்த பிறகும் வழக்கு தானாக முடியாது. 'கடத்தல் நடக்கவில்லை' என்று இறுதி அறிக்கை நீதிமன்றத்துக்குப் போயிற்றா என்று இரண்டு மாதம் கழித்தாவது எஃப்.ஐ.ஆர். எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். போகாமல் கிடந்தால், பையன் பாஸ்போர்ட்டுக்குப் போகும் அன்று அது எழுந்து நிற்கும்.