பிரிக்ஸ் மீட்டர் இறக்குமதி: 595 ரூபாய் எப்படி 980 ஆனது

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழுக்குக் காய் வாங்குகிறவர்களுக்கும், பாலக்கோடு பக்கம் கரும்பு வைத்திருப்பவர்களுக்கும் கையடக்க பிரிக்ஸ் மீட்டர் விற்கிறேன். மீட்டரின் கண்ணாடியில் சாறு இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் இனிப்பின் அளவு தெரியும். இரண்டு ஆண்டுகளாகச் சீனாவிலிருந்து நேரடியாக வரவழைக்கிறேன். டாலர் ஏறினால் தொழிலே போய்விடும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். என் பணத்தைத் தின்றது டாலர் அல்ல.

இரண்டாவது சரக்கின் கணக்கைச் சொல்கிறேன். 100 மீட்டர், ஒன்று 7 டாலர். 2024 அக்டோபரில் 30 சதவீதம் முன்பணம் கட்டினேன்; வங்கி போட்ட விலை டாலருக்கு 85 ரூபாய். செய்தித்தாளில் வரும் விலை வேறு, வங்கி நமக்கு டாலர் விற்கும் விலை வேறு. மீதி 70 சதவீதத்தை ஜனவரியில் கட்டும்போது 87.20 ஆகிவிட்டது. மொத்தம் 60,580 ரூபாய். டாலர் 85-லேயே நின்றிருந்தால் 59,500. ஆக, அந்த ஏற்றம் மீட்டருக்கு 11 ரூபாய்தான்.

அடுத்து கூரியர். பெட்டியோடு ஒரு மீட்டர் 350 கிராம். 35 கிலோவுக்கு 18,300 ரூபாய். சரக்கின் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! இதில் ஒரு சிறிய ஆறுதல் உண்டு. விமானத்தில் வரும் சரக்குக்கு, நாம் எவ்வளவு கூலி கொடுத்திருந்தாலும், சரக்கு விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சுங்க மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அப்படி, காப்பீட்டுக்கான சிறு தொகையும் சேர்ந்து, என் சரக்கின் மதிப்பு 73,340 ரூபாய் என்று வந்தது. அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்து 6,050 ரூபாய். இது திரும்பி வராத பணம். ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 14,290 ரூபாய், தனி. ஜிஎஸ்டி பதிவு இருப்பதால் விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஜனவரியில் கட்டியது மாங்காய் சீசன் வரை முடங்கிக் கிடந்தது. பதிவு இல்லாதவருக்கு இதுவும் அடக்கத்தில்தான் ஏறும்.

வங்கிக் கட்டணம், இடையில் வெளிநாட்டு வங்கி பிடித்த தொகை, சுங்க அனுமதிச் செலவு, ஊர் வரை வண்டிக் கூலி எல்லாம் 6,180. ஆக மொத்தம் 91,110. மீட்டருக்கு 911 ரூபாய்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. முதல் சரக்கில், காய்ச்சி வடித்த நீரை விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து விற்றுவிட்டேன். பாலக்கோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி, உங்கள் மீட்டருக்கு வெயில் ஆகாதா? காலையில் ஒன்று காட்டுகிறது, மதியம் ஒன்று காட்டுகிறது" என்றார். பூஜ்யத்தைத் திருகாணியால் யாரும் சரிசெய்துவிடலாம். அது சோதனையே அல்ல.

இரண்டாவது சரக்கில் 20 கிராம் சர்க்கரையை 80 கிராம் நீரில் கரைத்து, ஒவ்வொரு மீட்டரிலும் விட்டேன். 20 காட்ட வேண்டும். நான்கு மீட்டர்கள் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்று, இங்கே 18.5 காட்டின. பிறகு அதே கரைசலை இறுக்க மூடி வைத்து, குளிர்ந்த காலையிலும் அறை 30 டிகிரியைத் தொட்ட மதியத்திலும் பார்த்தேன். வெப்பத்துக்குத் தானே ஈடுகட்டும் அமைப்பு உள்ளே இருந்தால் அளவு மாறாது. மூன்று மீட்டர்களில் அளவு முக்கால் புள்ளி போல இறங்கியது. அந்த அமைப்பு உண்டு என்று காட்ட ஏடிசி என்று வெளியே அச்சிட்டிருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. நல்ல மீட்டருக்கும் அந்த ஈடு 10 முதல் 30 டிகிரி வரைதான். மே மாத வெயிலில் தோப்பில் நின்று பார்க்காதீர்கள், நிழலில் ஆறவிட்டுப் பாருங்கள் என்று இப்போது சொல்லித்தான் விற்கிறேன்.

ஏழு கழிந்ததால் 93 தான் விற்க முடிந்தது. அடக்கம் 980 ஆனது. டாலரால் 11 ரூபாய், கழிவால் 69 ரூபாய். 1,350-க்கு விற்றால் ஜிஎஸ்டி போக 1,144 நிற்கும், லாபம் 164.

இப்போது பாக்கிப் பணம் கட்டும் முன், இருபது மீட்டர்களில் சர்க்கரைக் கரைசல் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். சலித்துக்கொண்டே அனுப்புகிறார்கள். விலைப்பட்டியலில் குறைத்துப் போடட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்; வேண்டாம் என்கிறேன், வங்கியில் போன தொகையும் சுங்கத்தில் காட்டிய தொகையும் பொருந்த வேண்டும். கழிந்த ஏழுக்கு மாற்றாக அடுத்த சரக்கில் ஏழு இலவசமாக வந்தன. இலவசமானாலும் அவற்றுக்கும் மதிப்புப் போட்டு வரி கட்டினேன்.