8192 அழுத்த நிலையா, பெரிய பரப்பா: முதல் பேனா டேப்லெட்டுக்கு எதைப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறையில் என் அக்கா மகள் படம் வரையப் பழக, லேப்டாப்போடு இணைக்கும் திரையில்லாத பேனா டேப்லெட் வாங்க வேண்டும் என்றாள். இரண்டைக் குறித்து வைத்திருந்தாள். ஒன்று வாக்கம் CTL-472: 2048 அழுத்த நிலைகள், வரையும் பரப்பு 152 × 95 மி.மீ. இன்னொன்று எக்ஸ்பி-பென் டெகோ 01 V2: 8192 நிலைகள், 254 × 159 மி.மீ. "நாலு மடங்கு நிலை இருக்கே மாமா, அப்ப இதுதானே நல்லது?" என்று கேட்டாள்.

அழுத்த நிலை என்பது பேனாவை அழுத்தும் அளவை டேப்லெட் எத்தனை படிகளாகப் பிரித்து அறிகிறது என்ற எண். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2048-க்கும் 8192-க்கும் உள்ள வித்தியாசம் கோட்டில் கண்ணுக்குத் தெரியாது. பேனா எவ்வளவு லேசான தொடுதலிலேயே கோடு போடத் தொடங்குகிறது என்பதுதான் கையில் தெரியும். அது விளம்பரத்தில் பெரும்பாலும் இருக்காது. பனையோலையின் நுனியை வரைந்து பாருங்கள். கோடு மெலிந்து மறையாமல் வெட்டினாற்போல் நின்றால், டிரைவரில் அழுத்த வளைவை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன்தான் என்றால் அழுத்தத் தகவலே செயலிக்குப் போகவில்லை என்று அர்த்தம். அப்போது Windows Ink அமைப்பை மாற்றிப் பார்க்கவும். வேறு நிறுவனத்தின் பழைய டிரைவர் கணினியில் கிடந்தால் முதலில் அதை நீக்கவும்.

பரப்பு அப்படியல்ல. 15.6 அங்குல லேப்டாப்பின் திரை அகலம் சுமார் 345 மி.மீ. சின்ன டேப்லெட்டில் கை 1 மி.மீ. நடுங்கினால் திரையில் அது 2.3 மி.மீ. ஆகிறது, பெரியதில் 1.4 தான். பனைமரத் தண்டு போன்ற நீளக் கோட்டை சின்னதில் மணிக்கட்டால் இழுக்க வேண்டியிருக்கும், பெரியதில் முழங்கையிலிருந்து இழுக்கலாம். பழகுகிறவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் எதை வாங்கினாலும் முதல் நாளே சரிசெய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டின் பரப்பும் 16:10 விகிதம். லேப்டாப் திரை பெரும்பாலும் 16:9. டிரைவர் முழுப் பரப்பையும் முழுத் திரையோடு பொருத்தினால், 1920 × 1080 திரையில் CTL-472-இன் ஒரு மி.மீ. குறுக்கே 12.6 பிக்சல், நெடுக்கே 11.4 பிக்சல். கை வட்டம் போட்டாலும் திரையில் பத்து சதவீதம் சப்பையான முட்டைதான் வரும். பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். ஒரு வட்டமான மூடியை வைத்து அதன் விளிம்பைச் சுற்றி வரைந்தால் உடனே தெரிந்துவிடும். வாக்கம் டிரைவரில் Force Proportions என்பதை டிக் செய்தால் பரப்பு 152 × 85.5 ஆகும். 9.5 மி.மீ. பட்டை வீணாகும், போகட்டும். மற்ற நிறுவன டிரைவர்களிலும் திரை விகிதத்துக்குப் பொருத்தும் தேர்வைத் தேடுங்கள். இரண்டாவது திரை இணைத்திருந்தால், வரையும் திரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பரப்பு இரண்டுக்கும் பங்காகிவிடும்.

அவளுக்கு நான் சொன்னது டெகோதான், அந்த 254 மி.மீ.க்காக. மேசையில் கீபோர்டு போக இடமில்லை என்றாலோ, 11 அங்குலம் போன்ற சின்னத் திரை என்றாலோ CTL-472-ஐயே சொல்லியிருப்பேன்.