வீல்சேர் படத்தில் புடவை நிறம் மாற்ற: கையால் போடும் மாஸ்க்கா, Generative Fill-ஆ?

துணிக்கடை கேட்டலாக் வேலையில் ஒரு புடவையைப் படம் எடுத்துவிட்டு அதையே நான்கு நிறத்தில் கேட்பார்கள். மெரூன் பட்டில் எடுத்தது பாட்டில் பச்சை, மயில் நீலம், மாம்பழ மஞ்சள் என்று வரவேண்டும். மாடல் நின்றுகொண்டிருந்தால் எந்த வழியில் போனாலும் சமாளித்துவிடலாம். அவர் வீல்சேரில் உட்கார்ந்திருந்தால், வாக்கர் பிடித்திருந்தால், செயற்கைக் கால் வெளியே தெரிந்தால், அந்தச் சாதனத்தில் ஒரு கோடுகூட மாறக்கூடாது. அது அவர் உடம்புக்கென்றே அளவெடுத்துப் பொருத்தியதாக இருக்கலாம். வீல்சேரில் நடமாடுகிற யாரும் பிரேக் இல்லாத வண்டியைப் படத்தில் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழிகள் மூன்று. போட்டோஷாப்பில் கையால் மாஸ்க் போட்டு நிறத்தை மட்டும் மாற்றுவது. அதிலேயே இருக்கும் Generative Fill என்ற AI வசதியில் புதுத் துணியை வரவைப்பது. சொந்தக் கம்ப்யூட்டரில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் AI-ஐ வைத்து, மாஸ்க் போட்ட இடத்தை மட்டும் நிரப்புவது. நிறம் மாற்ற மட்டும்தான் என்றால் நான் முதல் வழிக்குத்தான் போவேன்.

வேகத்தில் Generative Fill-ஐ மிஞ்ச முடியாது, அதில் சந்தேகமில்லை. கையால் போடும் மாஸ்க்குக்கு நேரம் பிடிக்கும், கையும் வலிக்கும். ஆனால் நான் முடிவெடுப்பது சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் தெரிகிற துணியை வைத்துத்தான்.

பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பாருங்கள். பெரிய சக்கரத்தின் ஸ்போக்குகளுக்குப் பின்னால் கொசுவம் தெரியும். சக்கரத்துக்கு வெளியே கையால் தள்ளுகிற வளையம் தனியாக நிற்கும், அதற்கும் டயருக்கும் இடையே விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியிலும் புடவை தெரியும். லாஸோவால் சுற்றி வளைத்து Generative Fill கொடுத்தால், வளைத்த இடத்துக்குள் இருக்கிற ஸ்போக்குகளையும் சேர்த்து அது புதிதாக வரையும். ஒரு ஸ்போக் பாதியில் நிற்கும், இன்னொன்று நடு ஹப்புக்குப் போகாமல் வேறெங்கோ போகும், தள்ளு வளையம் டயரோடு ஒட்டிக்கொள்ளும். புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தடுப்புத் தகடு இருக்குமே, அதைத் துணி என்று நினைத்து மடிப்பு போட்டுவிடும். சின்ன சைஸில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், பெரிதாக்கினால்தான் வண்டவாளம் தெரியும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனில் இதே சிக்கல் இன்னும் ஆழமானது. அது படத்தை நேரடியாகத் தொடுவதில்லை. முதலில் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டத்தை ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில் வேலை செய்து, மறுபடி விரிக்கிறது. இரண்டு மூன்று பிக்சல் தடிமனான ஸ்போக் அந்தக் கட்டத்துக்குள் பின்னணியோடு கலந்துவிடும். மாஸ்க்குக்கு வெளியே இருக்கிற பகுதியும் இப்படிச் சுருங்கி விரிந்து வருவதால், லேசாக மங்கித்தான் திரும்பும். அதனால் கடைசியில் ஒரிஜினல் வண்டியை மேலே ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டுவதற்கு என்ன தேவை? ஸ்போக் ஸ்போக்காக வெட்டிய மாஸ்க். அந்த மாஸ்க் கையில் இருந்துவிட்டால் நிறம் மாற்றுவது சில நிமிட வேலைதான், அப்புறம் இன்னொரு கருவி எதற்கு?

மாஸ்க்கை இப்படிப் போடலாம். முதலில் புடவை முழுவதையும், சக்கரத்தின் இடைவெளிகளில் தெரிவதையும் சேர்த்து, தாராளமாக செலக்ட் செய்து Hue/Saturation லேயரின் மாஸ்க் ஆக்குங்கள். ஸ்போக்குகளைப் பிரஷ்ஷால் தீட்டாதீர்கள், கை நடுங்கும். பென் டூலில் ஹப்பிலிருந்து ரிம் வரை ஒவ்வொரு ஸ்போக்குக்கும் இரண்டே புள்ளியில் ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் ஒரே பாத்தில் இருக்கட்டும். பிறகு மாஸ்க்கின் மேல் நின்று, ஸ்போக்கின் தடிமனுக்குப் பிரஷ் அளவை வைத்து, கறுப்பில் Stroke Path கொடுத்தால் அத்தனை ஸ்போக்கும் ஒரே தடவையில் மாஸ்க்கிலிருந்து விலகிவிடும். பிரஷ்ஷின் ஓரம் முழுக் கூர்மையாகவும் வேண்டாம், படம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு போதும். ரிம், தள்ளு வளையம், கைப்பிடி, பிரேக் இவற்றுக்குத் தனிப் பாத். சரிகைக்குத் தனி மாஸ்க், இல்லாவிட்டால் தங்கமும் பச்சையாகிவிடும்.

மெரூனிலிருந்து பாட்டில் பச்சைக்கு Hue-வை சுமார் 150 நகர்த்தினால் வந்துவிடும். பச்சை கண்ணுக்கு வெளுத்துத் தெரியும், அதனால் Curves-இல் கொஞ்சம் இருட்டாக்குங்கள். மடிப்பு, நிழல், பட்டின் பளபளப்பு எல்லாம் ஒரிஜினலே. மயில் நீலம் கேட்டால் அதே ஃபைலில் எண்ணை மாற்றினால் போதும். Generative Fill-இல் ஒவ்வொரு நிறத்துக்கும் கொசுவம் வேறாக வரும், சக்கரத்தையும் ஒவ்வொரு தடவை புதிதாகச் சரிபார்க்கவேண்டும். மாம்பழ மஞ்சள் மட்டும் கையால் செய்தாலும் படுத்தும். இருட்டுத் துணியை வெளிர் நிறமாக்கினால் நிழலில் இருக்கும் புள்ளிகளும் பட்டைகளும் மேலே வந்துவிடும். ரா ஃபைல் இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம், ஜேபெக் மட்டும் இருந்தால் நான் அந்த நிறத்தை ஒத்துக்கொள்வதில்லை.

எந்த வழியில் செய்தாலும் கடைசியில் ஒரு சோதனை உண்டு. ஒரிஜினலை மேல் லேயராக வைத்து Difference மோடில் போடுங்கள். மாறாத இடம் சுத்தக் கறுப்பாக இருக்கும். வண்டி இருக்கிற இடத்தில் ஏதாவது தெரிந்தால், அங்கே கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மேலே ஒரு Curves வைத்து வெளிச்சத்தை ஏற்றிப் பாருங்கள்.

குரோம் வளையத்தில் பழைய புடவையின் சிவப்பு பிரதிபலித்துக்கொண்டிருக்கும், இதில் ஆளுக்கொரு கருத்து. வண்டியைத் தொடவேகூடாது என்பவர்கள் அதை அப்படியே விடுவார்கள். எனக்குப் பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு உறுத்தும். அந்தக் கீற்றில் மட்டும், Color மோடில், நிறத்தை லேசாக மாற்றுவேன். வெளிச்சத்தையும் வடிவத்தையும் தொடமாட்டேன். Difference சோதனையை இதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

துணியின் வடிவமே மாறவேண்டும், பேன்ட்டை வேட்டியாக்கவேண்டும் என்றால் நிறம் மாற்றும் வழி உதவாது. அங்கே Generative Fill வேண்டும்தான். அப்போதும் அதே பாத்களை வைத்து ஒரிஜினல் சாதனத்தை மேல் லேயரில் பூட்டிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். அக்குளில் கட்டை வைத்து நிற்பவரின் சட்டை அந்த இடத்தில் அமுங்கிச் சுருங்கியிருக்கும். புதிதாக வரும் துணி அந்த அமுக்கத்தைக் காட்டாமல் தொளதொளவென்று விழுந்தால் கட்டை அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தப் பகுதியின் மடிப்புகளை ஒரிஜினலிலிருந்தே கொண்டுவருவது நல்லது.

செயற்கைக் கால் தெரிகிற படங்கள் எனக்கு வந்தது குறைவு, அதனால் இதை அடித்துச் சொல்லமாட்டேன். ஜெய்ப்பூர் கால் மாதிரி தோல் நிறத்தில், பாதத்தின் வடிவிலேயே இருப்பதை இந்தக் கருவிகள் நிஜக் கால் என்று எடுத்துக்கொண்டு, விரல்களைப் புதிதாக வரையத் தொடங்குகின்றன. உலோகக் குழாய் வெளியே தெரிவதைவிட இது ஆபத்து, சட்டென்று கண்ணில் படாது. ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்: நீளப் பேன்ட்டை அரைக்கால் சட்டையாக்கச் சொன்னால் செய்வதில்லை. உள்ளே காலைப் பொருத்துகிற சாக்கெட் எங்கே முடிகிறது, முழங்கால் மூட்டு எப்படி இருக்கிறது என்பது படத்தில் இல்லை, எதை வரைந்தாலும் கற்பனைதான். அரைக்கால் சட்டையை நீளமாக்கக் கேட்டால், காலை மறைப்பதில் படத்தில் இருப்பவருக்குச் சம்மதமா என்று கடைக்காரரை முதலில் கேட்கச் சொல்வேன். சம்மதம் வரும்வரை ஃபைலைத் திறப்பதில்லை.