நின்று எடுத்த படமும் படுத்து எடுத்த படமும்: இதய அளவுக்கு எதை நம்புவது?

மார்பு எக்ஸ்-ரே படத்தில் தெரியும் இதய நிழலின் அகலத்தை மார்புக் கூட்டின் அகலத்தால் வகுத்துக் கிடைக்கும் இதய-மார்பு விகிதத்தை 1919-இல் மருத்துவர் டான்சர் முன்வைத்தார். பெரியவர்களுக்கு 0.5-ஐத் தாண்டினால் இதயம் பெரிதாகியிருக்கலாம் என்பது அன்று முதல் வழங்கிவரும் கணக்கு. ஆனால் அந்த 0.5 பொருந்துவது, நோயாளி நின்று, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து, மார்பைத் தகட்டில் ஒட்டிவைத்து, முதுகுப் பக்கமிருந்து கதிர் செலுத்தி எடுத்த பி.ஏ. படத்துக்குத்தான். படுக்கையிலேயே முன்பக்கமிருந்து கதிர் செலுத்தி எடுக்கும் ஏ.பி. படத்துக்கும் அதே எல்லையை வைப்பதே நான் அடிக்கடி காணும் பிழை.

அளக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான். முதுகெலும்பின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து இதயத்தின் வலது விளிம்பு மிக அதிகம் விலகியிருக்கும் தூரத்தையும், இடது விளிம்பு மிக அதிகம் விலகியிருக்கும் தூரத்தையும் தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை, விலா எலும்புகளின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட மிகப் பெரிய அகலத்தால் வகுக்க வேண்டும். வெளிவிளிம்பை எடுத்தால் விகிதம் பொய்யாகக் குறைந்துவிடும்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 22 செ.மீ. தடிமனுள்ள மார்பில், இதயத்தின் அகலமான பகுதி முன்பக்கத்திலிருந்து 8 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகவும், அதன் உண்மையான அகலம் 12.8 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பி.ஏ. படத்தில் கதிர்க்குழாய் 180 செ.மீ. தொலைவில் இருப்பதால் இதய நிழல் 13.4 செ.மீ. ஆகத்தான் பெருகும். படுக்கையருகே 100 செ.மீ. தொலைவிலிருந்து எடுக்கும்போது இதயம் தகட்டிலிருந்து 14 செ.மீ. தள்ளி நிற்பதால், அதே இதயம் 14.9 செ.மீ. நிழல் விழுத்தும்.

இவ்வளவு உருப்பெருக்கம்தான் முழுக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மார்புக் கூட்டின் நிழலும் கூடவே பெரிதாகிறது. அதன் உண்மையான அகலம் 26.7 செ.மீ. என்றால், பி.ஏ. படத்தில் 28.6, ஏ.பி. படத்தில் 29.7 என்று ஏறத்தாழ வரும். எனவே விகிதம் 0.47-லிருந்து 0.50-க்குத்தான் உயர்கிறது. மீதியைச் செய்வது படுத்த நிலையும் ஆழமில்லாத மூச்சும். உதரவிதானம் மேலேறி இதயத்தைக் கிடையாகச் சாய்த்துவிடுகிறது. மார்புக் கூடும் முழுதாக விரிவதில்லை. அதே நோயாளியின் படுத்த படத்தில் இதயம் 15.9, மார்பு 28.4 என்று அளந்தால் விகிதம் 0.56 ஆகிவிடும். இதயத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே அது 'வீங்கிய இதயம்' என்று எழுதப்படும்.

ஆகவே படுத்த படத்தைப் பார்க்கும்போது முதலில் நான் எண்ணுவது விலா எலும்புகளை. உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பதோ பத்தோ தெரிந்தால் மூச்சு போதுமானது. ஏழுதான் தெரிகிறது என்றால் அந்த விகிதத்தை அறிக்கையில் எழுதவே கூடாது என்பது என் கருத்து. அடுத்து, இரு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் உடல் திரும்பியிருந்தாலும் இதய நிழலின் வடிவமும் அகலமும் மாறும்.

அப்படியானால் படுத்த படம் வீணா? இல்லை. நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் அந்தப் படத்திலேயே விகிதம் 0.5-க்குள் அடங்கினால், இதய நிழல் பெரிதில்லை என்று துணிந்து சொல்லலாம். ஊதிப்போன நுரையீரல் உள்ளவர்களிடம் மட்டும் அந்தத் துணிவு வேண்டாம். அங்கே இதயம் நீண்டு ஒடுங்கித் தெரியும். இதயச் சுவர் உள்நோக்கித் தடித்திருந்தாலும் எந்தப் படத்திலும் நிழல் இயல்பான அளவிலேயே இருக்கக்கூடும்.

நல்ல பி.ஏ. படத்திலும் விகிதம் 0.5-ஐத் தாண்டினால், இதய முனைக்கும் உதரவிதானத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே கொழுப்புத் திட்டு இருந்தால், இதயத்தைவிட மங்கலான நிழலாகப் படிந்து, அதனூடே உண்மையான இதய விளிம்பு தெரியும். அந்த விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும். மார்பெலும்பு உள்ளே குழிந்தவர்களிடம் இதயம் இடப்பக்கம் தள்ளப்பட்டு அகலமாகத் தெரியும்; பக்கவாட்டுப் படம் அதைக் காட்டிவிடும். சில நாள் இடைவெளியில், ஒரே முறையில் எடுத்த இரு படங்களுக்குள் நிழல் சட்டென்று பெருத்து, குடுவை போல உருண்டு, நுரையீரலோ தெளிவாக இருந்தால், இதய அறைகள் பெரிதாகியிருப்பதைவிட இதய உறைக்குள் நீர் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது விகிதத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிராமல், உடனே எக்கோ செய்யச் சொல்லி அனுப்ப வேண்டும்.