கொம்பு இடம் மாறிய தமிழ்: பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்துப் பழகியதில் தெரிந்துகொண்டவை

பம்பலப்பிட்டியில் நாங்கள் நடத்தும் தட்டச்சு, மொழிபெயர்ப்பு நிலையத்துக்கு வரும் தமிழில் பெரும்பங்கு பிடிஎஃப் ஆகவே வருகிறது. சுற்றறிக்கை, பெயர்ப்பட்டியல், முகவரிப் பட்டியல் என்று எதுவாக இருந்தாலும் அதை நகலெடுத்து வேர்டிலோ எக்செலிலோ ஒட்டித்தான் வேலை தொடங்கும். இப்படிப் பல வருடமாகச் செய்துவருவதில் அடிக்கடி சந்திப்பது ஒரே கோளாறு. ஒட்டிய தமிழில் கொம்பும் அரவும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். "கொழும்பு" என்பது "ெகாழும்பு" ஆகிவிடும்.

யூனிகோட் முறையில் எந்த உயிர்க்குறியும் மெய்க்குப் பின்னால்தான் பதிவாக வேண்டும். "வெ" என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், கணினியில் முதலில் வ, அதன் பிறகே கொம்பு. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. பிடிஎஃப் கோப்போ, எந்த உரு பக்கத்தில் எந்த இடத்தில் வரையப்பட வேண்டும் என்பதைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறது. அங்கே கொம்பு இடப்பக்கத்தில், முதலில் வரையப்படுகிறது. நகலெடுக்கும் செயலி வரைந்த வரிசையிலேயே எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் ெ, ே, ை மூன்றும் தங்கள் மெய்க்கு முன்னால் வந்து விழும். ி, ு, ா போன்றவை பின்னால் இருப்பவை என்பதால் அவற்றின் வரிசை பிசகுவதில்லை. சிங்களத்துக்கும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு இருப்பதால், மும்மொழி ஆவணத்தில் இந்தச் சிக்கலை இரண்டு மொழியிலும் பார்க்கலாம்.

பெரும்பாலானோர் இதைக் கண்டுபிடிப்பது புள்ளிகளால் ஆன அந்தச் சிறு வட்டத்தை வைத்துத்தான். ஒட்டிக்கொள்ள முன்னால் மெய் இல்லாத குறிக்கு எழுத்துரு அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டும். சொல்லின் தொடக்கத்தில் குறி வந்தாலோ, "இலங்ைக" என்பதுபோல் புள்ளி வைத்த எழுத்தை அடுத்து வந்தாலோ, "மருதாைன" என்பதுபோல் இன்னொரு குறிக்குப் பின்னால் வந்தாலோ வட்டம் தோன்றும். என்னைக் கேட்டால் வட்டம் தெரிவது நல்ல காலம். சில பழைய கருவிகளும் எழுத்துருக்களும் வட்டத்தைப் போடுவதில்லை. அவற்றில் "ெகாழும்பு" என்பது அச்சு அசலாகக் "கொழும்பு" போலவே தெரியும். தேடினால் மட்டும் கிடைக்காது.

அதைவிட மோசம் வட்டத்துக்கே இடம் இல்லாத சொற்கள். வத்தளையை எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்த வரிசையில் நகலெடுத்தால் ளகரத்துக்கு முன்னால் ஐகாரக் குறி வரும். அதற்கு முன்னால் புள்ளியில்லாத த இருப்பதால் குறி அந்தத் தகரத்தில் ஒட்டிக்கொண்டு "வத்தைள" ஆகிவிடும். இலக்கணப்படி எந்தக் குறியும் அந்தரத்தில் நிற்கவில்லை, ஆகவே எந்தச் செயலியும் வட்டம் போடாது. "தலைவர்" "தைலவர்" ஆவதும் இப்படித்தான். எங்களிடம் மெய்ப்புப் பார்க்கும் ஐயா ஒருவர், "வட்டத்தைத் தேடாதையுங்கோ தம்பி, ஐகாரத்தைத் தேடுங்கோ" என்பார். வேகமாக வாசித்துப் போகும் கண்ணுக்கு இது தப்பிவிடும் என்பதால் அவர் சொன்னது எனக்கு மிகவும் உதவியது.

முகவரிப் பட்டியல் போன்றவற்றை நான் எக்செலில் ஒட்டிய உடனே, வேறு எதையும் செய்வதற்கு முன், பக்கத்து மூன்று கட்டங்களில் இவற்றைப் போட்டு இழுத்துவிடுவேன்:

```
=LEN(A1)
=UNICODE(A1)
=UNICODE(RIGHT(A1,1))
```

முதலாவது எழுத்துக் குறியீடுகளை எண்ணும், இரண்டாவது முதல் குறியீட்டின் எண்ணைச் சொல்லும், மூன்றாவது கடைசிக் குறியீட்டின் எண்ணைச் சொல்லும். சரியான "கொழும்பு" என்றால் நீளம் 8, முதல் எண் 2965, அதாவது க. பிசகிய "ெகாழும்பு" என்றால் நீளம் 9, முதல் எண் 3014, அதாவது ஒற்றைக்கொம்பு. ஒகரக் குறி ஒன்றாக இருக்க வேண்டியது கொம்பு, அரவு என்று இரண்டாகிவிட்டதால்தான் ஒன்று கூடுகிறது.

வெள்ளவத்தையில் நீளம் காட்டிக்கொடுக்காது. எகரக் குறியும் ஐகாரக் குறியும் இடம் மாறுகின்றனவே தவிர உடைவதில்லை. அங்கே முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 3014, 3015, 3016 ஆகிய மூன்றில் ஒன்று சொல்லின் தொடக்கத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பகுதி முழுவதும் வரைந்த வரிசையில் வந்திருக்கிறது. வத்தளைக்கு நீளமும் முதல் எண்ணும் இரண்டுமே சரியாக இருக்கும். கடைசி எண்தான் பேசும்: சரியானதில் 3016, பிசகியதில் 2995, அதாவது வெறும் ள. "தைலவர்" மட்டும் மூன்றுக்கும் தப்பும். அதனால்தான் ஒவ்வொரு சொல்லாகத் தீர்மானிக்காமல், ஒரே பிடிஎஃப்-இலிருந்து வந்ததில் ஒரு சொல் மாட்டினாலும் முழுவதையும் பிசகியதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வேர்டில் வேலை என்றால் சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கேர்சரை வைத்து Alt+X அழுத்தினால் அதன் குறியீடு தெரியும். "கொ"வுக்குப் பின்னால் 0BCA வர வேண்டும். 0BBE வந்தால் வெறும் அரவு, ஆகவே கொம்பு தனியாக எங்கோ இருக்கிறது.

அது ககரத்துக்குப் பின்னால், சரியான இடத்திலேயே இருக்கவும் கூடும். க, கொம்பு, அரவு என்று மூன்றாக எழுதினாலும் "கொ" சரியாகவே தெரியும். யூனிகோட் இரண்டையும் சமமாகவே கருதுகிறது. ஆனால் எல்லாச் செயலியும் தேடும்போது அப்படிக் கருதுவதில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சில கருவிகள் இந்த வடிவத்தைத் தருகின்றன. "கொழும்பு" இங்கேயும் 9 காட்டும், முதல் எண் மட்டும் 2965 ஆக இருக்கும். இது எளிதான வகை, ஒரு வரியில் தீரும்.

திருத்துவதற்கு நான் வைத்திருக்கும் பைதான் வரிகள் இவை:

```python
import re, unicodedata
s = re.sub(r'([\u0BC6-\u0BC8])(\u0B95\u0BCD\u0BB7|[\u0B95-\u0BB9])',
           r'\2\1', s)
s = unicodedata.normalize('NFC', s)
```

நடுவில் உள்ளது முன்னால் ஓடிய குறியை மெய்க்குப் பின்னால் தள்ளுகிறது. க்ஷ கூட்டெழுத்தை ஒன்றாக எடுக்கத்தான் அந்த நீளமான பகுதி. கடைசி வரி, பிரிந்த கொம்பையும் அரவையும் ஒகரக் குறியாகச் சேர்க்கிறது. உடைந்த வகைக்கு இந்தக் கடைசி வரி மட்டும் போதும், அதைச் சரியான தமிழ்மேல் ஓட்டினாலும் கெடுதல் இல்லை.

நடு வரிகளை அப்படி ஓட்டக் கூடாது. ஏற்கெனவே சரியாக இருக்கும் "தலைவர்" மேல் அவை ஓடினால் ஐகாரம் வகரத்துக்குத் தாவி "தலவைர்" ஆகிவிடும். ஆகவே ஒட்டிய பகுதியைத் தனிக் கோப்பில் வைத்து, அங்கே திருத்தி, மூன்று சூத்திரங்களையும் மறுபடி பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்ப்பேன். யாரோ பாதியைக் கையால் திருத்திய பட்டியல் வந்தால் இந்த வழி உதவாது. அப்போது மூல வேர்ட் கோப்பைக் கேட்டு வாங்குகிறோம். அதுவும் இல்லையென்றால் அச்செடுத்துத் திரும்பத் தட்டச்சு செய்கிறோம்.