கரியா, கேஸா, மின்சாரமா: மூடிய கடைக்கு எந்தத் தந்தூர்?

தந்தூர் வாங்குவது என்று முடிவானால் எதிரில் மூன்று வழிகள் நிற்கின்றன: கரி, கேஸ், மின்சாரம். பேச்சு பெரும்பாலும் ருசியில் தொடங்கி ருசியிலேயே முடிந்துவிடும். கடை திறந்த வெளியில் இருந்தால் அப்படியே முடியட்டும். ஏசிக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்தி வைக்கும் கடை என்றால், அடுப்பு உள்ளே இழுக்கும் காற்றும் வெளியே விடும் காற்றும்தான் முதல் கேள்வி.

கரி அடுப்பின் பலம் அதன் வடிவத்தில் இருக்கிறது. அடியில் ஒரு சிறு காற்றுத்துளை, நடுவில் அகன்ற வயிறு, மேலே குறுகிய வாய். உள்ளே 400 டிகிரிக்குச் சூடான காற்று, வெளிக்காற்றின் எடையில் பாதிகூட இருக்காது. எடை குறைந்த காற்று மேலே ஏற, அந்த இடத்தை நிரப்ப அடித்துளை வழியாகப் புதிய காற்று ஓடி வருகிறது. முக்கால் அல்லது ஒரு மீட்டர் உயரமுள்ள அடுப்பில் இந்த இழுப்பை அளந்தால் அரை மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம்தான் தேறும். அவ்வளவு மெல்லிய இழுப்புதான் கரிக்கங்கை ஊதுகிறது. அடித்துளையின் மூடியை விலக்கினால் சற்று நேரத்தில் மங்கிய சிவப்பு ஆரஞ்சாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். களிமண் சுவர் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, ஒட்டிய மாவுக்கு ஒரே சீராகத் திருப்பித் தருகிறது. ஒன்றரை நிமிடத்துக்குள் ரொட்டி வெந்துவிடுவது அதனால்தான்.

கங்கின் மேல் சின்னச் சின்ன நீலச் சுடர்கள் ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். எரிவது கரி இல்லை, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. அடியில் நுழையும் ஆக்சிஜன் முதலில் கரியை கார்பன் டை ஆக்சைடாக்குகிறது. அது மேலடுக்கில் தகதகக்கும் கரியின் ஊடே போகும்போது பாதி வழியில் மோனாக்சைடாக மாறுகிறது. கரியின் மேற்பரப்பை அடைந்ததும் அங்கே சூடும் காற்றும் கிடைத்தால் நீலமாக எரிந்து தீர்ந்துவிடும். நீலச் சுடர் இருக்கும்வரை அந்த வாயுவில் பெரும்பகுதி உங்கள் கண்முன்னே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆபத்து வருவது கூட்டம் அலைமோதும் நேரத்தில் இல்லை என்பது என் கணிப்பு. அது வேலை முடிந்த பிறகு வருகிறது. மறுவேளைக்குக் கங்கு மிஞ்ச வேண்டும் என்று அடித்துளையை அடைத்து, வாய்க்கு மூடி போட்டு, கடை ஷட்டரையும் இறக்குகிறார்கள். நீலச் சுடர் அணைகிறது. கரி குறைவாகத்தான் எரிகிறது, ஆனால் எரிவதில் மோனாக்சைடின் பங்கு கூடுகிறது. மூடியின் இடுக்கு வழியாக அது எரியாமலே வெளியேறுகிறது. மரக்கரியில் புகையும் கிடையாது, நெடியும் கிடையாது. விறகடுப்பு என்றால் கண் எரிந்தாவது எழுந்து வெளியே ஓடுவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதாவது 60 கன மீட்டர் காற்று. மூடிய அடுப்பில் மணிக்கு அரை கிலோ கரி கனிகிறது. அதில் கார்பன் 400 கிராம். பத்தில் ஒரு பங்கு மட்டும் மோனாக்சைடாகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு சுமார் 93 கிராம், ஏறத்தாழ 80 லிட்டர் வாயு. காற்று சிறிதும் மாறாத அறையில் ஒரே மணியில் பத்து லட்சத்துக்கு 1,350 பங்கு சேர்ந்துவிடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கும் எல்லை 1,200. ஷட்டர் இடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறினாலும் முதல் மணி முடிவில் 850. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். அந்த அறையில் யாராவது படுத்துத் தூங்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குச் சொல்லும் அளவு சுமார் 30 பங்கு. காற்றைக் கலந்தே அந்த அளவுக்கு இறக்க, அறைக் காற்று மணிக்கு 45 முறை மாற வேண்டும். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும் என்பது இதனால்தான் செல்லாது. வாயு அறையில் கலப்பதற்கு முன்பே, அடுப்பின் வாய்க்கு நேர்மேலே உறிஞ்சும் கூண்டு வேண்டும். அந்தக் கூண்டு இழுப்பதற்குச் சமமான காற்று வெளியிலிருந்து உள்ளே வர வழியும் வேண்டும். வழி இல்லையென்றால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. கடைக் கதவை இழுக்க வழக்கத்துக்கு மேல் பலம் தேவைப்பட்டால் அதுதான் அறிகுறி. கூண்டின் விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்நோக்கிச் சாய வேண்டும்; தொங்கினால் கூண்டு வேலை செய்யவில்லை. ஸ்பிளிட் ஏசியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது இருக்கிற காற்றையே குளிர்வித்துச் சுற்றுகிறது.

கேஸ் தந்தூர் இந்த இடத்தில் பெரிதும் முந்துகிறது. சுடர் நீலமாக இருந்தால் மோனாக்சைடு மிகக் குறைவு, வேலை முடிந்ததும் வால்வைத் திருகினால் விஷயம் முடிந்தது. இரவெல்லாம் கனிய எதுவும் மிஞ்சாது. சுடர் மஞ்சளாகி, சுவரில் கரி படியத் தொடங்கினால் பர்னர் அடைத்திருக்கிறது. அப்போது கேஸ் அடுப்பும் அதே விஷத்தைத் தரும். ஆகவே இதற்கும் கூண்டு வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிட எடை கூடியது, கசிந்தால் தரையோரம் தேங்கும் என்பது தனி அபாயம். ருசியைப் பொறுத்தவரை, ரொட்டிக்கு வித்தியாசம் சொல்லும்படி இல்லை. அதைச் சுடுவது சுவர்தான். இறைச்சியில் வரும் புகைவாசம், கொழுப்பு சொட்டிக் கங்கில் பொசுங்குவதால் வருகிறது. அதைக் கேஸ் அடுப்பின் சூடான தட்டும் ஓரளவு தரும்.

மின்சாரத் தந்தூரில் எரிபொருளே இல்லை. ஆனால் அடுத்தடுத்து ரொட்டி ஒட்டும்போது இழந்த சூட்டை மெதுவாகத்தான் மீட்கிறது, மின் இணைப்பும் பலமாக இருக்க வேண்டும். கூண்டு அமைக்க இடமே இல்லாத கடைக்கு இதைத்தான் சொல்வேன், வேகம் குறைந்தாலும். கூண்டும் வெளிக்காற்று வழியும் உள்ள கடைக்குக் கேஸ். கரியை வானம் பார்க்கும் முற்றத்துக்கு விட்டுவிடலாம்.

அறைக்குள் கரிதான் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் சில விவரங்கள். வீட்டு உபயோகத்துக்கான மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, ஐரோப்பியத் தரப்படி, 50 பங்கில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலறும். 40 பங்கில் நாள் முழுக்க வேலை செய்பவருக்கு அது பேசாமலே இருக்கலாம். எண் காட்டும் கருவியை வாங்கி, மூச்சு விடும் உயரத்தில் மாட்டுங்கள். சமையலறை ஆட்கள் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலித்து விடுமுறை நாளில் சரியானால், அது மோனாக்சைடின் வேலையாக இருக்கலாம்; விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே படித்து 98 காட்டும். இரவில் கங்கை அடுப்பில் விடாமல் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டு, டிரம்மை வெளியே வைக்க வேண்டும். அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றி அணைத்தால் களிமண் விரிசல் விடும்.